தைப்பூசமும் கையிருப்பும்: பழனி அடிவாரக் கடைகளுக்கான வகைவாரிச் சரக்குச் சுழற்சிக் கணக்கு

1. ஆய்வின் எல்லை

பழனி அடிவாரத்தில் பூசைப் பொருள் விற்கும் ஒரு கடையில் பஞ்சாமிர்தம் இருக்கும். விபூதி, சந்தனம், குங்குமம் இருக்கும். பித்தளை விளக்கும் வேலும் தொங்கும். பாதயாத்திரை வருவோருக்கான பச்சை வேட்டியும் காவி வேட்டியும் அடுக்கியிருக்கும். இவை ஒரே கல்லாவில் பணமாகின்றன. ஆனால் அந்தப் பணம் சரக்காக முடங்கிக் கிடக்கும் காலம் வகைக்கு வகை வேறுபடுகிறது. பஞ்சாமிர்தத்தில் போட்ட பணம் சில நாட்களில் திரும்பிவிடும். பெரிய குத்துவிளக்கில் போட்டது ஆண்டுக் கணக்கில் நிற்கக்கூடும்.

இந்த வேறுபாட்டை அளக்க வணிகக் கணக்கியலில் இரண்டு அளவைகள் உண்டு: சரக்குச் சுழற்சி, இருப்பு நாட்கள். மாதம் முடிந்ததும் இவற்றை வகைவாரியாகத் தானே கணக்கிட்டுத் தரும் ஓர் ஏற்பாட்டைக் கடைக் கணினியில் அமைப்பது எளிது. அது தரும் எண் பழனி போன்ற திருவிழா ஊரில் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பாடநூல் முறையை அப்படியே போட்டால், கொள்முதலைப் பொறுத்தவரை அது ஆண்டின் மிக முக்கியமான இரண்டு தருணங்களில் தலைகீழான அறிவுரை தரும் என்பது என் முடிவு. அதற்கான காரணத்தையும் மாற்றையும் கீழே காட்டுகிறேன்.

2. அளவைகள் இரண்டும் அவற்றின் அடிப்படையும்

குறிப்பிட்ட காலத்தில் விற்ற சரக்கின் அடக்க விலையை, அதே காலத்தின் சராசரி இருப்பால் வகுத்தால் கிடைப்பது சுழற்சி. காலத்தின் நாட்களைச் சுழற்சியால் வகுத்தால் இருப்பு நாட்கள். சராசரியாகக் கையில் இருந்த சரக்கு, விற்ற வேகத்தில், எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்பதை அது சொல்கிறது.

இதில் முதலில் உறுதி செய்ய வேண்டியது, மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் அடக்க விலையிலேயே இருக்க வேண்டும் என்பது. விற்பனைத் தொகையை இருப்பின் அடக்க விலையால் வகுத்தால், லாபமும் சுழற்சிக்குள் புகுந்துவிடும். நூறு ரூபாய் அடக்கமுள்ள பொருளை 105-க்கு விற்கும் வகையில் இந்தப் பிழை சிறியது. அதையே 160-க்கு விற்கும் வகையில் சுழற்சி அறுபது விழுக்காடு கூடுதலாகத் தெரியும். மெல்ல நகரும் பித்தளை, வேகமாக நகர்வதுபோலத் தோன்றும். நம் ஊர்க் கடைகளில் பரவலாகப் புழங்கும் டேலியின் விகிதப் பகுப்பாய்வுப் பக்கத்தில் சுழற்சி என வரும் எண், விற்பனையை இறுதி இருப்பால் வகுத்ததுதான். அந்தத் திரையிலேயே அப்படி எழுதியும் இருக்கிறது. நிறுவனம் முழுமைக்கும் ஒரே பார்வையில் ஒரு குறிப்பு வேண்டும் என்றால் அது போதும். வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவாது.

அடக்க விலையில் வரி சேருமா என்பது கடையின் பதிவைப் பொறுத்தது. உள்ளீட்டு வரிப் பயன் எடுக்கும் கடையில் ஜிஎஸ்டி அடக்கத்தில் சேராது. தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள கடைக்கு அந்தப் பயன் இல்லை என்பதால், கொள்முதலில் கட்டிய வரியும் அடக்கமே.

3. சராசரி இருப்பு: இரண்டு நாளா, எல்லா நாளுமா?

சராசரி இருப்பு என்றால் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுப்பது என்று பள்ளியிலிருந்தே பழகியிருக்கிறோம். காகித ஏட்டின் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. தினமும் இருப்பைக் கணக்கிட ஆள் இல்லை. இன்று பில் போடும் மென்பொருளில் ஒவ்வொரு நாள் முடிவின் இருப்பும் கிடைக்கிறது. அப்படியிருக்க இரண்டே நாளை வைத்து முப்பது நாளைத் தீர்மானிக்கத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் ஒரே சீராக விற்கும் கடையில் இரண்டு முறைக்கும் பெரிய வேறுபாடு இராது. மாதக் கடைசியில் லாரி வந்து சரக்கு இறங்கும் பழனிக் கடையில் வேறுபாடு பெரிது.

2025 சனவரியை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11 அன்று வந்தது. பழனியில் தைப்பூசம் பத்து நாள் விழா. கொடியேற்றத்திலிருந்து ஏழாம் நாள் பூசத் தேர். ஆகவே பிப்ரவரி 5 முதல் 14 வரை விழா. அடிவாரத்தில் ஒரு கடை, விபூதி-சந்தனம்-குங்குமம் என்ற வகைக்கு சனவரி 25 வரை ஏறத்தாழ 2,00,000 ரூபாய் இருப்பு வைத்திருந்தது. 26-ஆம் தேதி விழாச் சரக்கு இறங்கியதும் இருப்பு 6,50,000 ஆகி, மாத இறுதிவரை அந்த அளவிலேயே நின்றது. அந்த மாதம் விற்ற சரக்கின் அடக்கம் 1,55,000, அதாவது நாளொன்றுக்கு 5,000. இந்த ரூபாய்க் கணக்கு கணக்கீடு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டது, எந்தக் கடையின் ஏட்டிலிருந்தும் எடுத்ததல்ல. தேதிகள் மட்டும் உண்மையானவை.

தொடக்கத்தையும் இறுதியையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி இருப்பு 4,25,000. நாளைக்கு 5,000 என்ற வேகத்தில் அது 85 நாள். எல்லா நாளின் இருப்பையும் கூட்டி 31-ஆல் வகுத்தால் சராசரி 2,87,097. இருப்பு நாட்கள் 57. கடைசி ஆறு நாள் மட்டும் நிறைந்திருந்த கிடங்கை, முதல் முறை மாதம் முழுவதும் பாதி நிறைந்திருந்ததாக எண்ணிவிடுகிறது. தினசரிச் சராசரியே சரி. முதலில் செய்ய வேண்டிய திருத்தமும் அதுதான்.

4. ஒரே கிடங்கு, நான்கு விடை

கடைக்காரருக்கு உண்மையில் வேண்டியது போன மாதம் எப்படி நகர்ந்தது என்பதோடு முடிவதில்லை. மாதம் முடிந்த அன்று கையில் உள்ள சரக்கு இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்பதுதான் கொள்முதலைத் தீர்மானிக்கும். பல மென்பொருள்கள் அதற்கும் ஓர் எண் தருகின்றன: இறுதி இருப்பை, போன மாதத்தின் தினசரி விற்பனை அடக்கத்தால் வகுத்தது. நம் கடையில் சனவரி 31 அன்று அது 6,50,000-ஐ 5,000-ஆல் வகுத்து 130 நாள் என்று காட்டும். அறிக்கையில் அந்த வரி சிவப்பாக வரும். அதை நம்பும் உரிமையாளர் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் முன்னால் மேற்கொண்டு வாங்குவதை நிறுத்துவார்.

பிப்ரவரியில் அந்த வகை 5,60,000 அடக்கத்துக்கு விற்கும் என்று முந்தைய விழாவை வைத்து எதிர்பார்க்கலாம் எனில், நாளொன்றுக்கு 20,000. அதன்படி 6,50,000 என்பது 32 நாள்தான். ஆனால் இந்த நான்காவது விடையும் முழுச் சரி அல்ல. விழாவின் பத்து நாளும் மற்ற நாட்களும் ஒன்றாகச் சராசரியில் கரைந்துபோகின்றன. நாள்வாரியாகக் கழித்துக்கொண்டே போவது மேல். முதல் நான்கு நாள் 8,000 வீதம் 32,000, விழாவின் பத்து நாள் 43,000 வீதம் 4,30,000, மீதிப் பதினான்கு நாள் 7,000 வீதம் 98,000, கூட்டினால் 5,60,000. மிஞ்சும் 90,000 மார்ச்சின் வழக்கமான 5,000 வீதத்தில் 18 நாள் வரும். எதுவும் வாங்காமலே இருந்தாலும் சரக்கு 46 நாள், மார்ச் 18 வரை, தாங்கும்.

ஒரே கிடங்குக்கு 130, 85, 57, 32 என நான்கு எண்கள். கழித்துப் பார்த்தால் 46. இவற்றில் 57 சனவரி மாத நிலையை நேர்மையாகச் சொல்கிறது. 46 வாங்கும் முடிவுக்கு உரியது. மற்ற மூன்றையும் அறிக்கையில் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

மறுபக்கம் இதைவிடச் செலவு வைக்கும். கடை பிப்ரவரியில் 1,00,000-க்கு மட்டும் வாங்கி, 5,60,000-க்கு விற்று, மாத இறுதியில் 1,90,000 இருப்போடு நிற்கிறது. போன மாத வேகத்தால் வகுத்தால் ஒன்பதரை நாள். அறிக்கை உடனே வாங்கச் சொல்லும். கூட்டமோ ஊர் திரும்பிவிட்டது. பூசம் முடிந்து வரும் எடப்பாடிக் காவடிக் குழுவும் மலையிறங்கிவிட்டது. மார்ச்சின் 5,000 வீதத்தில் 1,90,000 என்பது மார்ச் முழுமையும் தாண்டி, ஏப்ரல் 11 பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம் வரை வரும். மார்ச் முதல் நாளில் வாங்கினால் பணம் ஒரு மாதம் வீணே முடங்கும். மூன்றாம் வாரத்தில் ஆர்டர் கொடுப்பதே சரி. விழாவுக்கு முன் வாங்காதே என்றும் விழா முடிந்ததும் வாங்கு என்றும் பின்னோக்கிய எண் சொல்வதைத்தான் தலைகீழ் அறிவுரை என்றேன்.

5. எந்த ஆண்டின் எந்த நாள்?

நாள்வாரி எதிர்பார்ப்பை எங்கிருந்து எடுப்பது? முந்தைய ஆண்டின் அதே மாதத்திலிருந்து என்பது முதலில் தோன்றும் விடை. பழனியில் அது பொருந்தாது. தைப்பூசம் 2024-இல் சனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. 2026-இல் பிப்ரவரி 1. 2025 பிப்ரவரிக்கு 2024 பிப்ரவரியைப் பார்த்தால் விழா முடிந்த வெறுமையான மாதம் தெரியும். 2026-இல் பூசம் பிப்ரவரி முதல் தேதி என்பதால், தேருக்கு முன் நடந்துவருவோரின் கூட்டமெல்லாம் சனவரிக் கணக்கில் விழுந்தது.

தமிழ் மாதத்துக்கு மாறினால் தீருமா என்று பார்த்தேன். தைப்பூசம் எப்போதும் தையிலேயே வரும் என்பது பெரிய வசதி. ஆனால் தைக்குள்ளேயே அது 2024-இல் 11-ஆம் நாள், 2025-இல் 29-ஆம் நாள், 2026-இல் 18-ஆம் நாள். 2025-இல் விழாவின் கடைசி நாட்கள் மாசிக்குள் போய்விட்டன. பாதிப் பயன்தான்.

முழுப் பயன் தருவது விழா நாளை மையமாக வைத்து எண்ணுவது. பூச நாளைச் சுழியம் என்று கொண்டால், 2025 பிப்ரவரி 1 கழித்தல் பத்தாம் நாள். பிப்ரவரி 28 கூட்டல் பதினேழாம் நாள். 2024-இல் அதே வரிசை எண்கள் சனவரி 15-இல் தொடங்கிப் பிப்ரவரி 11-இல் முடிகின்றன. அந்த 28 நாளின் விற்பனை அடக்கமே 2025 பிப்ரவரிக்கான மூல எதிர்பார்ப்பு. அதை அப்படியே எடுக்காமல், விழா இல்லாத இரண்டு மூன்று மாதங்களில் இந்த ஆண்டு விற்பனை போன ஆண்டைவிட எத்தனை விழுக்காடு கூடியது அல்லது குறைந்தது என்று பார்த்து, அந்த விகிதத்தால் பெருக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. பூசம் பொங்கல் விடுமுறையை ஒட்டி வரும் ஆண்டும், ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டும் ஒரே மாதிரி விற்கா. 2026-இல் அது ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்வரும் ஐயப்ப பக்தர்கள் பழனிக்கும் வருகிறார்கள். அவர்கள் வரவு மண்டல, மகரவிளக்குக் காலத்தைச் சார்ந்தது, பூசத்தைச் சார்ந்ததல்ல. ஆகவே டிசம்பருக்கு ஆங்கிலத் தேதி ஒப்பீடே போதும். எந்த நாட்களுக்கு எந்த விழா மையம் என்பதைக் கடைக்காரரே ஒரு சிறிய அட்டவணையில் ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். மென்பொருளுக்கு அது தெரிய வழியில்லை.

6. மாதந்தோறும் தானே ஓடும் கணக்கு

அடித்தளமாக வேண்டியது ஒரே அட்டவணை: ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி, அதில் அன்றைய முடிவு இருப்பின் அடக்கம், அன்று விற்றதன் அடக்கம். விற்பனையே இல்லாத நாளுக்கும் வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாட்களின் எண்ணிக்கை தவறும். அட்டவணையின் பெயர் `cat_day` எனில், போன மாதக் கணக்கு இவ்வளவுதான்:

```sql
SELECT category,
       SUM(cogs) / NULLIF(AVG(stock_cost), 0) AS turns,
       COUNT(*) * AVG(stock_cost)
         / NULLIF(SUM(cogs), 0) AS days
FROM cat_day
WHERE day >= date_trunc('month', now()) - interval '1 month'
  AND day <  date_trunc('month', now())
GROUP BY category;
```

இது போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு எழுதியது. `NULLIF` இல்லாவிட்டால் ஒன்றுமே விற்காத வகையில் சுழியத்தால் வகுக்க நேர்ந்து முழு அறிக்கையும் நின்றுவிடும். அது இருந்தால் அந்த வகையின் நாட்கள் காலியாக வரும்; காலிதான் சரியான விடை, ஏனெனில் விற்காத சரக்குக்கு நாள் சொல்ல முடியாது. விழா மையக் கணக்குக்கு `SELECT` பட்டியலில் `SUM(cogs)`-ஐயும் சேர்த்து, `WHERE` பகுதியை மாற்றினால் போதும்:

```sql
WHERE day BETWEEN DATE '2024-01-25' - 10
              AND DATE '2024-01-25' + 17
```

கணக்கை முதல் தேதியே ஓடவிடுவது நல்லதல்ல. மாதத்தின் கடைசி இரண்டு நாளில் இறங்கிய சரக்கின் பில் பெரும்பாலும் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் ஏட்டில் ஏறும். மூன்றாம் தேதி காலை ஆறரைக்கு என்று வைத்தால் (`30 6 3 * *`) பெரும்பகுதி வந்திருக்கும். அதன் பிறகும் தேதி பின்தள்ளிப் போடும் பதிவுகள் இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஓடும்போதும் முந்தைய மாதத்தையும் மறுபடி கணக்கிட்டு, பழைய விடையை அழிக்காமல் ஓடிய தேதியோடு சேர்த்து வைக்க வேண்டும். சனவரிக்கு பிப்ரவரியில் வந்த எண்ணும் மார்ச்சில் வந்த எண்ணும் பெரிதும் வேறுபட்டால், பதிவு போடுவதில் தாமதம் இருக்கிறது என்று அதுவே சொல்லும்.

கடை முழுமைக்குமான எண்ணை வகைகளின் நாட்களைச் சராசரியாக்கி எடுக்கக் கூடாது. பஞ்சாமிர்தத்தில் 80,000 இருப்பு, நாளைக்கு 10,000 விற்பனை, 8 நாள். பித்தளையில் 9,00,000 இருப்பு, நாளைக்கு 3,000 விற்பனை, 300 நாள். இரண்டின் சராசரி 154. உண்மையில் மொத்த இருப்பு 9,80,000, மொத்த தினசரி விற்பனை 13,000; விடை 75 நாள். தொகைகளைக் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

7. எண் பொய் சொல்லும் இடங்கள்

கடைகளில் நடப்பதை வைத்துச் சொன்னால், மிகுதியாகக் கெடுப்பது எதிர்மறை இருப்பு. விழாக் கூட்டத்தில் சரக்கு இறங்கிய கையோடு விற்பனைக்கு வந்துவிடுகிறது. கொள்முதல் பில் நான்கு நாள் கழித்து ஏறுகிறது. அந்த நான்கு நாளும் கணினியில் இருப்பு சுழியத்துக்குக் கீழே போகும். அந்த எதிர்மறை எண் மற்ற பொருட்களின் இருப்பைத் தின்று, வகையின் சராசரியைக் குறைத்து, சுழற்சியைப் பிரமாதமாகக் காட்டும். மாதத்தில் எந்த நாளிலாவது இருப்பு எதிர்மறையான பொருட்களின் பட்டியல் அறிக்கையோடு வர வேண்டும். அது காலியாகும் வரை அந்த வகையின் எண்ணை நம்ப வேண்டாம். எதிர்மறையைச் சுழியமாக மாற்றிவிடும் குறுக்குவழி பிழையை மறைக்கும், தீர்க்காது.

இரண்டாவது, ‘இதர’ என்ற வகை. அவசரத்தில் புதிய பொருளைச் சேர்ப்பவர் வகையைக் குறிக்காமல் விடுகிறார். அது இதரவில் போய் விழுகிறது. இதரவின் விற்பனை மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் முதலில் வகைப்பாட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, வகைக்குள் ஒளியும் தேக்கம். பித்தளையின் 300 நாளை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அதற்குள் மாதம் ஒருமுறை தீரும் சிறிய வேல்களும் இரண்டு ஆண்டாக அசையாத பெரிய விளக்குகளும் சேர்ந்திருக்கும். 180 நாளாக ஒன்றுகூட விற்காத பொருட்களின் அடக்கத் தொகையை வகைக்கு அருகில் தனியே காட்டினால் இது வெளிவரும். பஞ்சாமிர்தத்தில் தேக்கத்தின் பொருளே வேறு. அங்கு இருப்பு நாட்களை டப்பாவில் அச்சிட்ட கெடு தேதியோடு ஒப்பிட வேண்டும். பத்து நாள் என்பது நல்ல எண்ணாக இருந்தாலும் பழைய டப்பா பின்வரிசையில் நின்றால் பயனில்லை. கெட்டு எறிந்ததை விற்பனை அடக்கத்தில் சேர்க்கவும் கூடாது. சேர்த்தால், வீணானதும் விற்றதாகி, சுழற்சி உயரும்.

8. நிதியாண்டு ஒப்பீடு

இதுவரை சொன்னது மாதக் கணக்குக்கு. வங்கிக் கடனுக்காகவும் வரிக்காகவும் தயாராகும் ஆண்டுக் கணக்கில் இதே சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. பங்குனி உத்திரம் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையே நகர்கிறது. நிதியாண்டோ மார்ச் 31-இல் வெட்டுகிறது. 2023-இல் உத்திரம் ஏப்ரலில் வந்தது. 2024-இல் மார்ச் 25. ஆகவே 2023–24 நிதியாண்டுக்குள் இரண்டு உத்திரங்கள். அடுத்தது 2025 ஏப்ரல் 11 என்பதால் 2024–25 நிதியாண்டுக்குள் உத்திரமே இல்லை. அந்த இரண்டு ஆண்டின் சுழற்சியை ஒப்பிட்டு வணிகம் சரிந்துவிட்டது என்று யாரேனும் முடிவு கட்டியிருந்தால், அவர் பார்த்தது பஞ்சாங்கத்தின் விளைவை.

இருப்பின் மீதும் இதன் நிழல் விழுகிறது. 2025 மார்ச் 31 அன்று அடிவாரக் கடைகள் ஏப்ரல் உத்திரத்துக்காகச் சரக்கு நிரப்பும் நேரம். 2024 மார்ச் 31 அன்று உத்திரம் முடிந்து ஆறு நாள். ஆண்டு இறுதி இருப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இருப்பு நாட்கள் முதல் நாளில் கூடுதலாகவும் இரண்டாம் நாளில் குறைவாகவும் தெரியும். 2026-இல் உத்திரம் ஏப்ரல் 1, நிதியாண்டின் முதல் நாள். அதற்கான விற்பனையின் பெரும்பகுதி முந்தைய நிதியாண்டின் கடைசி வாரத்தில் நடந்தது.

ஆகவே கணக்கு எழுதுவோரிடமும் கடன் மனுவைப் படிக்கும் வங்கி அலுவலரிடமும் ஒன்று கேட்கிறேன். பழனிக் கடையின் ஆண்டுச் சுழற்சியை எழுதும் இடத்தில், அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் எத்தனை பூசம், எத்தனை உத்திரம் விழுந்தன என்று அருகில் ஒரு வரி எழுதுங்கள். 2026 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டுக்குள், 2027 மார்ச்சில் வரும் உத்திரத்தையும் சேர்த்து, மறுபடியும் இரண்டு இருக்கின்றன.